இரண்டரையில் அச்சைத் தொட்ட கோடு

இரண்டு விடைத்தாள்களையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. பிடித்துவிட்டேன் என்கிற திருப்திதான் வந்தது. அந்தத் திருப்தியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கணிதத்தில் எம்.எஸ்சி.யும் அதற்குமேல் பி.எட்.டும் முடித்துவிட்டு, கோவில்பட்டியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். பிளஸ் டூ வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பன்னிரண்டாம் வகுப்பில் நாற்பத்தாறு பெண்கள். பாதிப் பேர் ஊருக்குள்ளிருந்து நடந்து வருபவர்கள். மீதிப் பேர் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள்.

வகைநுண்கணிதம் அவர்களுக்குச் சூத்திரமாகத்தான் தெரிந்திருந்தது. எக்ஸின் மூன்றாம் அடுக்கைக் கொடுத்தால் மூன்று எக்ஸ் ஸ்கொயர் என்று தூக்கத்திலும் சொல்வார்கள். அது எதைச் சொல்கிறது என்று கேட்டால் வகுப்பு முழுவதும் கரும்பலகையின் மேல் மூலையைப் பார்க்கும். அதனால் சூத்திரமே இல்லாமல் ஒரு வளைவரையை மட்டும் பலகையில் வரைந்து, அதைப் பார்த்தே அதன் வகைக்கெழுவின், அதாவது ஒவ்வொரு இடத்திலும் உள்ள சரிவின், வளைவரையைக் கீழே வரையச் சொல்லிக் கொடுத்தேன். புத்தகத்தில் அப்படி ஒரு கணக்கு கிடையாது.

வழிமுறையை நான்கு வரியாகப் பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டிருந்தேன். ஒரு மாதம் அதை யாரும் அழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

ஒன்று, ஸ்கேலை வளைவரையை ஒட்டி, தொட்டுக்கொண்டு போகும்படி வை. இடமிருந்து வலமாக நகர்த்து. இரண்டு, ஸ்கேலின் வலது முனை மேல்நோக்கி இருந்தால் வளைவரை ஏறுகிறது, கீழே உள்ள படத்தில் கோடு அச்சுக்கு மேலே. முனை கீழ்நோக்கி இருந்தால் இறங்குகிறது, கோடு அச்சுக்குக் கீழே. மூன்று, ஸ்கேல் படுத்துக் கிடக்கும் இடத்தில் கோடு அச்சின்மேல். நான்கு, சரிவு செங்குத்தாக ஆக ஆக அச்சிலிருந்து தூரம் கூடும். சரிவு தணியத் தணிய தூரம் குறையும்.

உச்சியில் ஸ்கேல் படுத்துவிடும், பள்ளத்திலும் படுத்துவிடும். அதனால் மேலே உள்ள படத்தில் எங்கெல்லாம் வளைவரை திரும்புகிறதோ அங்கெல்லாம் கீழே உள்ள படம் அச்சை வெட்டிக்கொண்டு போகும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். பெண்கள் செய்த தவறுகளை ஒரு நோட்டில் வகைவாரியாகக் குறித்துவந்தேன். மேலே உள்ள படத்தையே கீழேயும் வரைவது முதல் வகை. மலை இருந்தால் கீழேயும் மலை. வளைவரை அச்சை வெட்டும் இடத்தில் வகைக்கெழுவும் பூச்சியம் என்று நினைப்பது இரண்டாவது. இறங்குவதை மேலேயும் ஏறுவதைக் கீழேயும் போட்டுத் தலைகீழாக்குவது மூன்றாவது. அரைப் பரீட்சை வருவதற்குள் மூன்று வகையும் ஏறக்குறைய ஒழிந்துவிட்டன. எனக்குப் பெருமையாக இருந்தது.

அரைப் பரீட்சைத் தாளில் பத்து மதிப்பெண்ணுக்கு அப்படி ஒரு படம் கொடுத்தேன். மெழுகு பூசிய ஸ்டென்சில் காகிதத்தில் ஊசிமுனைப் பேனாவால் நானே கீறி வரைந்தேன். வளைவரை பூச்சியத்தில் தொடங்கி ஏறுகிறது; ஒன்றில் உச்சி; அங்கிருந்து இறங்குகிறது; நான்கில் பள்ளம்; பிறகு ஐந்துவரை ஏறுகிறது. நடுவே, இரண்டரை இருக்கும் இடத்தில், இறக்கம் மிகவும் செங்குத்து. விடை எளிது. அச்சுக்கு மேலே தொடங்கும் கோடு ஒன்றில் அச்சை வெட்டிக் கீழே போகும், இரண்டரையில் மிக ஆழத்தைத் தொடும், மேலே வந்து நான்கில் மறுபடி அச்சை வெட்டும். ஒரு கிண்ணத்தைப் போல இருக்கும்.

நாற்பத்து நான்கு பேர் கிண்ணம் வரைந்திருந்தார்கள். சிலருடையது கோணல், சிலருடையது தட்டை, ஆனாலும் கிண்ணம்.

மிச்ச இரண்டு பேருடையது வேறு மாதிரி. கோடு ஒன்றில் அச்சை வெட்டிக் கீழே இறங்குகிறது. பிறகு மேலே வருகிறது. சரியாக இரண்டரையில் அச்சைக் கீழிருந்து தொடுகிறது. வெட்டவில்லை, தொட்டுவிட்டுத் திரும்பக் கீழே போகிறது. பிறகு மேலே வந்து நான்கில் வெட்டுகிறது. மற்ற எல்லாருக்கும் மிக ஆழமாக இருந்த அதே இடத்தில் இவர்கள் இருவருக்கும் பூச்சியம்.

நான் குறித்து வைத்த மூன்று வகையில் எதிலும் இது சேரவில்லை. தெரியாமல் தவறு செய்பவர்கள் ஆளுக்கொரு விதமாகத் தவறு செய்வார்கள். இப்படி ஒரு விசித்திரமான தவறை இரண்டு பேர் ஒரே இடத்தில், ஒரே உருவத்தில் செய்வது தற்செயலாக நடக்காது.

இருவரையும் எனக்குத் தெரியும். ஒருத்தி உயரமானவள், எட்டயபுரம் சாலையில் உள்ள ஒரு கிராமத்துப் பெண். கணக்கில் நல்ல கை. இன்னொருத்தி கண்ணாடி போட்டவள். அவளுக்கு அடுத்த ஊர். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருபவர்கள். பரீட்சையன்று அந்த பஸ் தாமதமாக வந்ததால் இருவரும் சேர்ந்தேதான் வகுப்புக்குள் நுழைந்தார்கள். ஆனால் ஒருத்திக்கு வாசலோரத்து முதல் பெஞ்சு, இன்னொருத்திக்கு ஜன்னலோரத்து நான்காம் பெஞ்சு. கண்காணிப்பு என்னுடையதுதான். ஒருத்தி தாளை மற்றவள் பார்க்க வழியே இல்லை.

அது அவர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். என் மனம் வேறு விதமாகப் போனது. உள்ளே பார்த்து எழுதவில்லை என்றால், வெளியிலேயே விடை தயாராகியிருக்கிறது. அதாவது கேள்வி முன்கூட்டியே வெளியே போயிருக்கிறது. யாரோ தப்பான விடையைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இருவரும் பஸ்ஸில் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். கேள்வித்தாளைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர்: நான், தலைமையாசிரியை, ஸ்டென்சிலை உருளையில் மாட்டிப் படியெடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைச் சுற்றிய அட்டெண்டர் அண்ணாச்சி.

அண்ணாச்சியைத்தான் முதலில் கேட்டேன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மணி அடிப்பதும் தாள் உருட்டுவதும் கேட்டைத் திறப்பதும் அவர் வேலை.

"கணக்குத் தாள் உருட்டினீங்களே அண்ணாச்சி, யாரும் வந்து பாத்தாங்களா?"

"யாரு வந்து பாக்கப் போறா டீச்சர்? கதவச் சாத்திட்டுத்தான உருட்டுதேன்."

"நடுவுல எழுந்து எங்கயும் போனீங்களா?"

அவர் கையிலிருந்த மைத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எங்கனயும் போகல. எல்லாம் சுத்தமா வந்துது. நாப்பத்தெட்டுத் தாளு. எண்ணித்தான குடுத்தேன்."

"ஸ்டென்சில் எங்க?"

"எரிச்சாச்சு. பெரிய டீச்சர் எரிக்கச் சொல்லியிருக்காவள்லா."

நான் கேட்டது தாள் சுத்தமாக வந்ததா என்று அல்ல. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று அன்றே நோட்டில் எழுதிவைத்தேன். அவர் எதையோ மறைக்கிறார் என்பது சரியாகத்தான் பட்டது. எதை மறைக்கிறார் என்பதில்தான் பிசகினேன்.

தலைமையாசிரியையிடம் இரண்டு விடைத்தாள்களையும் கொண்டுபோனேன். அவர் தமிழாசிரியையாக இருந்து வந்தவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எது தப்பு, எது சரின்னு எனக்குத் தெரியாதும்மா. ரெண்டும் ஒண்ணு போல இருக்கு, அது தெரியுது."

"அதுதான் டீச்சர்."

"புத்தகத்துல இருக்கா இந்தக் கணக்கு?"

"இல்லை. நானாகச் சொல்லிக் கொடுத்தது."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அவர் சந்தேகம் அந்தப் பெண்கள் மேலா என் மேலா என்று தெரியவில்லை.

"புத்தகத்துல இல்லாதத எதுக்குக் கேக்குதீங்க? சரி, போகட்டும். அரைப் பரீட்சைக்கே இந்தச் சோலி பாக்குதாளுகன்னா பப்ளிக் பரீட்சைல பள்ளிக்கூடத்துப் பேரக் கெடுத்துருவாளுக. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரு அப்பாவையும் வரச் சொல்லுதேன். நீங்க எழுத்துல குடுங்க."

அது செவ்வாய்க்கிழமை. எழுத்தில் கொடுக்க மூன்று நாள் இருந்தது. கொடுப்பதற்கு முன் ஒருமுறை அவர்களை நேரில் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். இரக்கம் ஒன்றுமில்லை. அறிக்கையில் இடைவெளி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

கண்ணாடிக்காரி கேட்டவுடனே அழுதாள். கேள்வித்தாள் எங்கே என்றேன். கிழித்துப் போட்டுவிட்டாளாம். அது எனக்கு வசதியாக இருந்தது.

உயரமானவள் அழவில்லை. மதிய இடைவேளையில் காலி வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். பாவாடை ஓரத்தில் பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் காலையில் கொஞ்ச நேரம் தீப்பெட்டி ஒட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள்.

நான் பலகையில் புதிதாக ஒரு வளைவரை வரைந்தேன். முதலில் இறக்கம், பள்ளம், ஏற்றம், உச்சி, மறுபடி இறக்கம். தேர்வில் வந்ததற்கு நேர்மாறு.

"இதுக்கு வகைக்கெழு போடு."

அவள் பெரிய மர ஸ்கேலை எடுத்தாள். வளைவரையை ஒட்டி வைத்து, அவசரப்படாமல் நகர்த்தினாள். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள்.

"சத்தமாச் சொல்லு."

"எறங்குது. அதனால கீழ. இங்கன படுத்துட்டு, அச்சு மேல. இப்ப ஏறுது, மேல போவுது. இதுல ரொம்ப ஏத்தம், அதனால இதுதான் ஒசரம். பெறகு ஏத்தம் கொறையுது, இங்கன திரும்பவும் படுத்துட்டு."

கீழே வரைந்தாள். அச்சுக்குக் கீழிருந்து மேலே வந்து, உயர்ந்து, மறுபடி கீழே போகும் கவிழ்த்த கிண்ணம். ஒரு குறையும் இல்லை.

இவ்வளவு தெரிந்தவள் தேர்வில் அப்படி வரைந்திருக்கிறாள். என் சந்தேகம் தீராமல் அதிகமாகத்தான் ஆனது. அவள் விடைத்தாளை எடுத்துக் காட்டினேன்.

"இது என்ன? இரண்டரையில எதுக்கு மேல வந்து தொட்டுட்டுப் போகுது?"

"அங்கன படுத்துக் கெடந்துதே டீச்சர்."

"எது?"

"மேல உள்ள படம். எறங்கி வருதுல்லா, நடுவுல கொஞ்சம் நின்னுட்டு பெறகு எறங்குது. ஸ்கேல வச்சா அங்கன படுத்துட்டு. அதனால பூச்சியம். ஆனா அதுக்கு முன்னாலயும் எறக்கம், பின்னாலயும் எறக்கம். அதனால அச்சத் தாண்டல, தொட்டுட்டுக் கீழயே போயிட்டு."

அவள் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. இறங்கும் வளைவரை ஓர் இடத்தில் மட்டும் படுத்துவிட்டு மேலும் இறங்கினால், வகைக்கெழு அங்கே பூச்சியத்தைத் தொடும், குறி மாறாது. இதை நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகக் கண்டிருக்க வேண்டும், அல்லது யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

கேள்வித்தாளின் என் பிரதியை அவள் முன் வைத்தேன். "எங்க நிக்குது? காட்டு."

வளைவரை ஒன்றிலிருந்து நான்குவரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. நடுவில் நிற்கவே இல்லை.

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். விரலால் கோட்டைத் தடவினாள். பிறகு தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது எனக்குக் குடுத்த தாளு இல்ல டீச்சர்."

"எல்லாருக்கும் ஒரே தாள்தான்."

"எனக்குக் குடுத்தது இது இல்ல. நீங்க வேற காட்டுதீங்க."

என்னைப் பொய் சொல்பவள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அவளும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பார்வை அதைத்தான் சொன்னது. எனக்குக் காது சூடானது.

"அப்ப உன் தாள் எங்க?"

"வீட்டுல எங்கம்மா பசைக் கிண்ணத்துக்கு அடியில போட்டிருக்காவ."

"நாளைக்குக் கொண்டு வா."

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அப்பாவ வரச் சொல்லப் போறீங்களா டீச்சர்?"

"பெரிய டீச்சர் சொல்லியிருக்காங்க."

"வந்தாவன்னா அன்னைக்கோட சரி. முழுநேரமும் பெட்டி ஒட்ட உக்காரச் சொல்லிருவாவ. எப்பவும் ஒரு சாக்கு கெடைக்காதான்னுதான் இருக்காவ." கெஞ்சும் குரல் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். "படம் நின்னுதான் டீச்சர் போச்சு. நான் ரெண்டு தடவ ஸ்கேல வச்சுப் பாத்தேன்."

அன்று மாலை அறிக்கையை எழுதி முடித்தேன். ஏழு குறிப்புகள். ஒரே பஸ், ஒரே நேரத்தில் வருகை, ஒரே தவறு, அட்டெண்டரின் தடுமாற்றம், கிழித்துப்போட்ட தாள், சொல்லிக் கொடுக்காத விளக்கம், ஆசிரியையின் பிரதியையே மறுத்தது. வாசித்துப் பார்த்தேன். திடமாக இருந்தது. உறையில் போட்டேன், ஒட்டவில்லை.

புதன்கிழமை காலை அவள் தாளைக் கொண்டுவந்தாள். அப்பளம் போல விறைத்திருந்தது. கிண்ணத்தின் அடி பதிந்த வட்டமும், வழிந்து காய்ந்த பசையும். வாங்கும்போதே, ஒரு நாள் அவகாசம் கொடுத்தது தப்பு, அதற்குள் ஒரு கோட்டை மாற்றிவரைவது பெரிய காரியமில்லை என்றுதான் நினைத்தேன்.

ஆசிரியர் அறை ஜன்னலருகே போய்ப் படத்தைப் பார்த்தேன்.

நின்றிருந்தது. ஒன்றில் உச்சியிலிருந்து இறங்கிவந்த கோடு, பாதி வழியில், ஒரு அரிசி நீளத்துக்குக் கிடையாகப் படுத்து, பிறகு இறங்கியது.

நம்பவில்லை. பேனாவால் வரைந்ததா என்று பார்த்தேன். சைக்ளோஸ்டைல் மை எண்ணெய் மை. காகிதத்தில் ஊறி, கோட்டைச் சுற்றி மங்கிய மஞ்சள் கரை கட்டும். தாளின் பின்பக்கத்திலும் அந்தக் கரை தெரியும். பேனா மை அப்படிச் செய்யாது. தாளைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். வளைவரை முழுவதும் பின்பக்கத்தில் மஞ்சள் கரை ஓடியது. அந்த அரிசி நீளத்துக்கும் ஓடியது. பசை கோட்டின்மேல் காய்ந்து, விரிசல் விட்டு, அசையாமல் இருந்தது. பசைக்கு அடியில் யாரும் வரைய முடியாது.

ஒரே ஸ்டென்சில், இரண்டு விதமான தாள். அது எப்படி என்பதற்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

தாளை அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் பார்த்தார். மைத்துணி இல்லாததால் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"கடேசித் தாளுல்லா இது."

"சுத்தமா வந்துதுன்னு சொன்னீங்க."

"நாப்பது வரைக்கும் சுத்தமாத்தான் வந்துது டீச்சர். அப்பப் பாத்து பெல் நேரமாயிட்டு. உருளைய அப்படியே நிப்பாட்டிட்டுப் போயி மணி அடிச்சேன். திரும்பி வந்து சுத்துனா ஸ்டென்சிலு நெகிழ்ந்து நடுவுல ஒரு மடிப்பு உழுந்துட்டு. எழுத்தெல்லாம் வாசிக்கும்படியாத்தான் இருந்துது. படத்துல ஒரு துளி ஒதுங்கியிருக்கு, அத யாரு பாக்கப் போறான்னு எட்டுத் தாள அப்படியே சுத்தி அடியில வச்சுட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பெரிய டீச்சரு, மிஷின விட்டுட்டு ஏன்டா போனன்னு கேப்பாவ. போவலன்னா மணி ஏன் அடிக்கலன்னு கேப்பாவ. நீங்க வேற வந்து யாரு பாத்தா, யாரு பாத்தான்னு கேக்குதீங்க. களவு போட்டவன்னு நெனச்சுட்டீங்களோன்னு வாயத் தொறக்கல."

"அப்படித்தான் நினைச்சேன்."

"தெரியும் டீச்சர்," என்றார்.

வகுப்புக்குப் போகும் வழியில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மடிப்பு கிடையாக விழுந்திருக்கிறது. மடிப்புக்குள் போன துண்டு மறைந்துவிட, மேலேயிருந்து வந்த கோடும் கீழேயிருந்த கோடும் ஒரே உயரத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றிருக்கின்றன. நான் கீறிய இடத்தில் மெழுகு ஏற்கெனவே போயிருந்ததால் மை மடிப்போரமாகக் கசிந்து இரண்டு முனைகளையும் கிடையாக இணைத்துவிட்டது. மிகச் செங்குத்தாக இறங்கிய இடம் படுத்துவிட்டது. அவள் ஸ்கேலும் படுத்துவிட்டது.

பரீட்சையன்று கட்டின் மேலிருந்து முதல் இரண்டு தாள் எனக்கும் அலுவலகத்துக்கும். பிறகு முன் பெஞ்சிலிருந்து தாள் கொடுத்துக்கொண்டே பின்னால் போனேன். வராத இரண்டு பேரின் இடத்தைத் தாண்டிப் போனேன். பஸ் தாமதமாகி அவர்கள் வந்தபோது என் கையில் அடியிலிருந்த இரண்டு தாள்கள்தான் மிச்சம். ஒரே பஸ் என்பது என் அறிக்கையின் முதல் குறிப்பு. அந்தக் குறிப்பில் பிழை இல்லை. அதிலிருந்து நான் போன இடம்தான் பிழை.

அறிக்கையை உறையோடு கிழித்தேன். தலைமையாசிரியையிடம் பசைத்தாளையும் என் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஸ்டென்சில் மடிந்தது என்று மட்டும் சொன்னேன். மணி அடிக்கப் போனதைச் சொல்லவில்லை. அவர் விரலால் இரண்டு படத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பிள்ளைங்க போட்டதுதான் சரியா?"

"அவர்கள் தாளுக்கு அதுதான் சரி."

"வெள்ளிக்கிழமை யாரும் வர வேண்டாம், நான் சொல்லி விடுதேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இனிமே புத்தகத்துல உள்ளத மட்டும் கேளுங்கம்மா. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

இருவருக்கும் பத்துக்குப் பத்து போட்டேன். கண்ணாடிக்காரி மறுபடி அழுதாள். உயரமானவள் விடைத்தாளை வாங்கி, மதிப்பெண்ணைப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி டீச்சர்" என்றாள். அதற்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை.

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாலையில் மதிப்பெண் பட்டியலை நிரப்பும்போது பேனா நின்றது. மடிப்பு விழுந்த தாள் எட்டு. தாமதமாக வந்தவர்களுக்கு இரண்டு. மிச்சம் ஆறு எங்கே போயின?

கடைசி பெஞ்சுகளுக்குத்தான் போயிருக்க வேண்டும். அந்த ஆறு பேருடைய விடைத்தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். ஆறும் கிண்ணம். ஆறுக்கும் நான் எட்டு, ஒன்பது என்று போட்டிருந்தேன்.

மறுநாள் அவர்களைக் கேட்டேன். அதட்டாமல்தான் கேட்டேன்.

"உங்க தாள்ல படம் எப்படி இருந்தது?"

"நீங்க போர்டுல போடுவீங்கள்லா டீச்சர், அதே படம்."

"ஸ்கேல் வச்சுப் பாத்தீங்களா?"

ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். இருக்கிறதில் துடுக்கானவள் சொன்னாள்: "எதுக்கு டீச்சர்? மலை, பெறகு பள்ளம்னா கிண்ணம். பள்ளம், பெறகு மலைன்னா கவுத்துன கிண்ணம். ரெண்டுதான."

பக்கத்திலிருந்தவள், "ஏட்டி, சும்மா இரு" என்று இடித்தாள்.

ரெண்டுதான் என்றது உண்மை. ஒரு மாதமாகப் பலகையில் நான் மாற்றி மாற்றி வரைந்தவை அந்த இரண்டு படங்கள்தான். தவறுகள் ஒழிந்துவிட்டன என்று பெருமைப்பட்டிருந்தேன். எத்தனை பேர் ஸ்கேலை வைத்து விடை கண்டார்கள், எத்தனை பேர் கிண்ணத்தை மனப்பாடம் செய்தார்கள் என்று கண்டுபிடிக்க என்னிடம் வழியே இல்லை. மடிப்பு விழுந்த தாளைப் பெற்ற எட்டுப் பேரைப் பற்றி மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். எட்டில் இருவர் பார்த்திருக்கிறார்கள். அந்த இருவரைத்தான் நான் பிடித்தேன்.

ஆறு பேரின் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அவர்கள் தாள்கள் கையில் இல்லாமல் எதை வைத்துக் குறைப்பது? அதற்குப் பதிலாக அடுத்த வாரம் முழுவதும் பலகையில் விதவிதமாக வரைந்தேன். பாதி வழியில் படுத்து மறுபடி ஏறும் வளைவரை, இறங்கிக்கொண்டே இருந்து எங்கும் படுக்காத வளைவரை, நேர்கோடாக ஏறி உடனே தணியும் வளைவரை. வகுப்பு முனகியது. துடுக்கானவள், "டீச்சர், இதுக்கு என்ன கிண்ணம்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஸ்கேலை எடுக்கச் சொன்னேன்.

ஜனவரியில் ஒரு சிறு தேர்வு வைத்தேன். தலைமையாசிரியையிடம் கேட்கவில்லை. அண்ணாச்சி தாள் உருட்டி முடித்ததும் கட்டைக் கையில் எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் நின்று, "எல்லாம் சுத்தம் டீச்சர்" என்றார். "பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த முறையிலிருந்து மணி அடிக்கப் போகும்முன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று எட்டயபுரம் பஸ் நேரத்துக்கு வந்துவிட்டது. உயரமானவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள். அவள் மட்டும் பேனாவைத் திறக்கவில்லை. கேள்வித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, என் மேசைக்கு வந்தாள்.

"என்ன?"

"உங்க தாளக் காட்டுங்க டீச்சர்."

வகுப்பில் நாலைந்து பேர் தலையைத் தூக்கினார்கள். நான் என் பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தாள். ஸ்கேலை முதலில் என் படத்தில் வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினாள். பிறகு தன் படத்தில் நகர்த்தினாள். உச்சியில் ஒரு முறை நின்றாள். பள்ளத்தில் ஒரு முறை நின்றாள். இரண்டிலும் ஸ்கேல் ஒரே இடத்தில் படுத்தது.

"சரி டீச்சர்," என்றாள்.

இடத்துக்குப் போய் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தாள்.